ஒன்பது பக்கக் கட்டுரை, அரைப் பக்கக் குறிப்பு

அண்ணன் மகள் கொண்டுவந்த தாள்களில் வெள்ளை இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மொத்தம் ஒன்பது பக்கம், அத்தனையிலும் மஞ்சள் ஹைலைட்டர். முதல் பக்கத்தில் நிதானமாக ஓரிரண்டு சொற்களுக்கு மட்டும் பூசியிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் வரி வரியாக. ஐந்தாம் பக்கத்தில் பத்தி பத்தியாக. ஏழாம் பக்கத்தில் மஞ்சள் தீர்ந்துபோய்ப் பச்சைக்கு மாறியிருந்தாள்.

"மூணு நாளா படிக்கிறேன் அத்தை. எல்லாமே முக்கியமாத்தான் தெரியுது."

தாள்களை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். "சரி, பார்க்காம சொல்லு. யாருக்கு என்ன செஞ்சாங்க? என்ன ஆச்சு?"

"சர்க்கரை நோய் வர்ற மாதிரி இருந்தவங்களை நடக்கச் சொல்லி, சாப்பாட்டை மாத்தச் சொல்லியிருக்காங்க. சர்க்கரை வர்றது 28.5 சதவீதம் குறைஞ்சிருக்கு."

"எதுல 28.5 சதவீதம்?"

யோசித்தாள். தாளைத் திருப்பக் கை போனது.

அவள் ஊட்டச்சத்தியலில் முனைவர் பட்டத்துக்கு இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். நான் மருத்துவச் செய்திகளை எழுதிப் பிழைப்பவள்; ஆய்வுக் கட்டுரை படிப்பது எனக்கு அன்றாட வேலை. அந்தக் கேள்விக்கு அவள் தடுமாறியதில் எனக்கு வியப்பே இல்லை. என்னுடைய பழைய நோட்டுகளில் ஒன்றில் இதே கட்டுரைக்கு நான் எடுத்த குறிப்பு ஒரே ஒரு வரி: "சென்னை ஆய்வு, 28.5% குறைவு, மாத்திரையும் உண்டு." பிறகு ஒருநாள் எழுத உட்கார்ந்தபோது அந்த வரி ஒன்றுக்கும் உதவவில்லை. கட்டுரையை மறுபடி தேடி எடுத்து முதலிலிருந்து படித்தேன். படிக்கும்போது தெளிவாக இருந்த விஷயம் ஆறு மாதம் கழித்துத் தெளிவாக இருக்காது என்பது குறிப்பெடுக்கும் நேரத்தில் யாருக்கும் உறைப்பதில்லை.

அவள் கொண்டுவந்தது நம்மூர்க் கட்டுரை. சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் செய்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. 2006இல் 'டயபடாலஜியா' இதழில் வெளிவந்தது. இதை வைத்தே அன்று மாலை முழுக்க அவளோடு உட்கார்ந்தேன். எப்படிப் படிப்பது, எதைக் குறித்துக்கொள்வது என்பதை வேறு ஒரு பொதுவான உதாரணத்தைக் கொண்டு சொல்வதைவிட இந்த ஒன்பது பக்கத்தைக் கொண்டே சொல்லிவிடலாம்.

முதல் தவறு, அதை ஒரு கதை போல முதல் சொல்லில் தொடங்கியது. ஆய்வுக் கட்டுரை அப்படிப் படிப்பதற்காக எழுதப்படுவதில்லை. தலைப்புக்குக் கீழே சுருக்கம். பிறகு முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம் என்று அறை அறையாகப் பிரித்த வீடு அது. எந்தச் சாமான் எந்த அறையில் இருக்கும் என்று தெரிந்தவர் நேரே அங்கே போவார். முன்னுரையில் இருப்பது பெரும்பாலும் மற்றவர்கள் செய்த ஆய்வுகளைப் பற்றிய பேச்சு. விவாதப் பகுதி ஆசிரியர்கள் நம்மிடம் தங்கள் தரப்பைப் பேசும் இடம். அவர்கள் உண்மையில் கண்டது எல்லாம் நடுவில், அட்டவணைகளிலும் வரைபடங்களிலும் இருக்கிறது. களைப்போடு நாம் வந்து சேருவது சரியாக அந்த இடத்துக்குத்தான்.

கணினி அறிவியலாளர் எஸ். கேசவ் 2007இல் இதைப் பற்றி எழுதிய சின்னக் கட்டுரை ஒன்று ஆராய்ச்சி மாணவர்களிடையே பிரபலம். ஒரு கட்டுரையை மூன்று சுற்றாகப் படி என்கிறார் அவர். முதல் சுற்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம்; இரண்டாவதற்கு ஒரு மணி நேரம் வரை; மூன்றாவது சுற்று எல்லாக் கட்டுரைக்கும் தேவைப்படாது, தேவைப்பட்டால் பல மணி நேரம் பிடிக்கும். அவர் தம்முடைய துறையை மனத்தில் வைத்துச் சொன்னது. நேரக் கணக்கு மருத்துவக் கட்டுரைக்கும் ஏறக்குறைய பொருந்துகிறது. முதல் பத்து நிமிடத்தின் வேலை கட்டுரையைப் புரிந்துகொள்வதல்ல. இது நமக்கு வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானிப்பது. நான் எடுக்கும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் அந்தப் பத்து நிமிடத்தோடு ஓரமாகப் போய்விடும். அதில் எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை.

சரி, பத்து நிமிடத்தில் இந்தக் கட்டுரையின் சுருக்கம் என்ன தருகிறது? 531 பேர், அவர்களில் 421 ஆண்கள், 110 பெண்கள். சராசரி வயது ஏறத்தாழ 46. எல்லோரும் சர்க்கரை நோய்க்கு முந்திய படியில் நிற்பவர்கள்: குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை இயல்பைவிட அதிகம், ஆனால் சர்க்கரை நோய் என்று சொல்லும் அளவை இன்னும் எட்டவில்லை. இவர்களைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். முதல் குழு ஒப்பீட்டுக்கானது. இரண்டாம் குழுவுக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரை. மூன்றாம் குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காம் குழுவுக்கு இரண்டும். மூன்றாண்டுக் கணக்கில் சர்க்கரை நோய் வந்தவர்கள், இதே வரிசையில்: நூற்றுக்கு 55.0, 39.3, 40.5, 39.5.

இந்த நான்கு எண்கள்தான் கட்டுரை. மற்றதெல்லாம் இவற்றை நம்பலாமா, எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்ல வந்த துணைகள். அவளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னேன். பச்சையும் மஞ்சளும் பூசிய ஒன்பது பக்கத்தில் இந்த நான்கும் வண்ணம் படாமல் தப்பியிருந்தன. 28.5 என்ற எண்ணுக்கு மட்டும் இரண்டு வண்ணம்.

இப்போது கழித்துப் பார். அறிவுரை பெற்ற குழுவில் 39.3, ஒப்பீட்டுக் குழுவில் 55. வித்தியாசம் 15.7. அதாவது, நூறு பேருக்கு இப்படி அறிவுரை சொன்னால் மூன்று வருடத்தில் ஏறத்தாழ பதினாறு பேர் தப்புகிறார்கள். அந்த 15.7, 55இல் எத்தனை சதவீதம்? வகுத்தால் 28.5. அவள் மனப்பாடமாகச் சொன்ன எண் இங்கேதான் பிறக்கிறது. இன்னொரு வகுத்தலும் உண்டு: நூறை 15.7ஆல் வகுத்தால் 6.4. ஒருவரைக் காப்பாற்ற ஆறேழு பேருக்கு அறிவுரை சொல்ல வேண்டும் என்று பொருள். கட்டுரையும் அதே 6.4ஐத்தான் தருகிறது. மாத்திரைக்கு 6.9, இரண்டும் சேர்ந்ததற்கு 6.5. இவையும் நம் கணக்கோடு ஒத்துப்போகின்றன.

இந்த ஐந்து நிமிடக் கழித்தல் வகுத்தலை நான் எப்போதும் விடுவதில்லை. கையால் போட்ட கணக்கு மறக்காது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: எந்த எண் எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் எழுத உட்கார்ந்தால் எழுத்து பொய் சொல்ல ஆரம்பித்துவிடும், எழுதுகிறவருக்கே தெரியாமல்.

எப்படி என்று பார்க்க அவளுக்கு இன்னொரு ஆய்வைக் காட்டினேன். அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. 2002இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. அங்கே வாழ்க்கை முறை மாற்றத்தால் சர்க்கரை நோய் 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மினால் 31 சதவீதம் குறைந்தது. இந்த 58 உலகப் புகழ் பெற்ற எண். எந்தச் சர்க்கரைக் கருத்தரங்குக்குப் போனாலும் காதில் விழும்.

"அப்போ அங்கே 58, இங்கே 28.5. நம்ம ஆளுங்களுக்கு நடைப்பயிற்சி பாதிதான் வேலை செய்யுதுன்னு எழுதலாமா?" என்று கேட்டாள்.

எழுதலாம். யாரும் தடுக்கப்போவதில்லை. இரண்டு எண்களும் அச்சில் இருக்கின்றன; மேற்கோள் காட்டலாம்; ஆனாலும் வாக்கியம் தவறு. அமெரிக்க ஆய்வின் அடி எண்களை எழுதிப் பார்த்தால் தெரியும். அங்கே ஒப்பீட்டுக் குழுவில் மூன்று வருடத்தில் நோய் வந்தது நூற்றுக்கு 28.9 பேருக்கு. வாழ்க்கை முறைக் குழுவில் 14.4, மெட்ஃபார்மின் குழுவில் 21.7. கழித்தால் வாழ்க்கை முறையால் தப்பியவர்கள் நூற்றுக்கு 14.5 பேர். சென்னையில் 15.7. ஒருவரைக் காப்பாற்ற அங்கே 6.9 பேர், இங்கே 6.4 பேர். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று!

மாத்திரையில் வேடிக்கை இன்னும் அதிகம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் அங்கே 31, இங்கே 26.4, அங்கேதான் மாத்திரை நன்றாக வேலை செய்தது போலத் தோன்றும். ஆட்களை எண்ணினால், ஒருவரைக் காப்பாற்ற அங்கே 13.9 பேர் மாத்திரை சாப்பிட வேண்டும், இங்கே 6.9 பேர் போதும். படம் அப்படியே தலைகீழ். காரணம் ஒன்றுதான்: சும்மா விட்டால் மூன்று வருடத்தில் நோய் வருவது அங்கே நூற்றுக்கு 29 பேருக்கு, இங்கே 55 பேருக்கு. பள்ளம் ஆழமாக இருக்கும் இடத்தில் அதே அளவு மண் கொட்டினால் சதவீதக் கணக்கில் கொஞ்சமாகத்தான் தெரியும்.

இதோடு ஒரு கிளைக் கதை. அந்த 58 நான் இப்போது போட்ட கழித்தல் வகுத்தலில் வராது. 14.5ஐ 28.9ஆல் வகுத்தால் 50தான் வரும். அமெரிக்கர்கள் மூன்றாண்டு முடிவில் தலையை எண்ணி அந்த 58ஐச் சொல்லவில்லை; ஒவ்வொருவரும் எத்தனை காலம் கண்காணிப்பில் இருந்தார், அந்தக் காலத்தில் எந்த வேகத்தில் நோய் வந்தது என்ற கணக்கில் சொன்னார்கள். ஆகவே 58ம் 28.5ம் ஒரே தராசில் நிறுத்தவையே அல்ல. குறிப்பில் "58%" என்று மட்டும் எழுதி வைத்தவருக்கு இது எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

அதற்காக 6.4ஐயும் 6.9ஐயும் பக்கத்தில் வைத்து ஆடவும் கூடாது. இரண்டும் வேறு வேறு ஜனங்கள். அங்கே சராசரி வயது 51, பி.எம்.ஐ. 34. இங்கே வயது 46, பி.எம்.ஐ. 25.8, நம் கண்ணுக்கு ஒல்லியும் இல்லாத, குண்டும் இல்லாத ஆள். இந்த விவரங்கள் குறிப்பில் இருந்தால்தான் பிறகு வாக்கியத்தை எந்த இடத்தில் அடக்கி வாசிக்க வேண்டும் என்று தெரியும்.

இரண்டாம் சுற்றுக்கு வருவோம். செய்முறைப் பகுதியை வரிசையாகப் படிப்பது உறக்கத்துக்கு நல்லது. கையில் கேள்வியோடு போவதுதான் வழி. சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்னென்ன கேட்கலாம் என்று அவளையே எழுதச் சொன்னேன். நல்ல கேள்விகள் வந்தன. ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலி மாத்திரை கொடுத்தார்களா? சுருக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அறிவுரை என்றால் எத்தனை தடவை, யார் சொன்னது? மாத்திரை எத்தனை மில்லிகிராம்? ஐந்தில் நான்கு பேர் ஆண்களாக இருக்கிறார்களே, ஆட்களை எங்கிருந்து எடுத்தார்கள்? நடுவில் விலகியவர்கள் எத்தனை பேர், அவர்களை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள்? கேள்விக்குப் பக்கத்தில் கோடு விட்டு, பதில் கிடைத்ததும் பக்க எண்ணோடு நிரப்பச் சொன்னேன். மூன்று நாள் படித்துக் கிடைக்காதது இருபத்தைந்து நிமிடத்தில் கிடைத்தது. கிடைக்காத பதிலுக்கு "இல்லை" என்று எழுதுவதும் குறிப்புதான்; நாளைக்கு யாராவது கேட்டால் "தேடினேன், கட்டுரையில் இல்லை" என்று திடமாகச் சொல்ல முடியும்.

கேள்விகளில் ஒன்று என்னுடையது. பல வருடமாக ஓரத்தில் கேள்விக்குறியோடு நிற்கிறது. சுருக்கத்தில் 28.5 சதவீதத்துக்குப் பக்கத்தில் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 20.5 முதல் 37.3 வரை என்று இருக்கிறது. பி-மதிப்பு 0.018. நம்பிக்கை இடைவெளி என்றால், உண்மையான பலன் ஏறத்தாழ இந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு. பி-மதிப்பு 0.018 என்றால், அறிவுரையால் ஒரு பலனும் இல்லாத உலகத்தில்கூட இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகத் தெரிய நூற்றில் ஏறத்தாழ இரண்டு வாய்ப்பு. இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் இரு விதமாகச் சொல்கின்றன, ஆகவே ஒத்துப்போக வேண்டும். இங்கே போகவில்லை. பலனின் அடி எல்லையே 20.5, பூஜ்யத்திலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கிறது என்றால் பி-மதிப்பு இதைவிட மிக மிகச் சிறியதாக வர வேண்டும். குழுவுக்கு ஏறத்தாழ 130 பேர் என்று வைத்து நான் தோராயமாகப் போட்டுப் பார்த்தால், நூற்றுக்கு 15.7 பேர் என்ற அந்த வித்தியாசம் நூற்றுக்கு 4 பேர் முதல் 28 பேர் வரை எங்கும் இருக்கலாம் என்று வருகிறது. பி-மதிப்போடு ஒத்துப்போவது இந்த அகலம்தான்.

இதைக் கண்டதும் "பிழையைப் பிடித்துவிட்டேன்" என்று துள்ளக் கூடாது. அந்த இடைவெளியை எந்தக் கணக்கில் எடுத்தார்கள் என்று தெரிந்தால் விளக்கம் இருக்கலாம். நான் செய்தது இரண்டே வேலை. அந்த இடைவெளியை எங்கும் மேற்கோள் காட்டுவதில்லை. 6.4 என்று புள்ளி வைத்து எழுதுவதும் இல்லை. "ஆறேழு பேர்" என்றுதான் எழுதுவேன். வித்தியாசம் 4 முதல் 28 வரை இருக்கலாம் என்ற நிலையில் புள்ளிக்குப் பின்னால் நான்கு என்பது வெறும் அலங்காரம்.

கட்டுரையின் கடைசி வரிக்கும் இதே கணக்கு உதவும். மாத்திரையையும் அறிவுரையையும் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் பலன் இல்லை என்று முடிக்கிறார்கள். 39.3, 40.5, 39.5 என்ற எண்களைப் பார்த்தால் உண்மைதான். ஆனால் 130 பேர் கொண்ட குழுக்களில் ஐந்தாறு பேர் வித்தியாசம் இருந்தால்கூடக் கண்ணில் பட்டிருக்காது. "இந்த ஆய்வில் கூடுதல் பலன் தெரியவில்லை" என்பது ஒரு வாக்கியம். "கூடுதல் பலன் கிடையாது" என்பது வேறொரு வாக்கியம். குறிப்பில் எந்த வினைச்சொல்லைப் போடுகிறோமோ அதுதான் ஆறு மாதம் கழித்துக் கட்டுரையில் ஏறும்.

இனிக் குறிப்பு. கட்டுரையை மூடிவிட்டுத்தான் குறிப்பு எழுத வேண்டும் என்பது என் பழக்கம். பார்த்துக்கொண்டே எழுதினால் கை தானாக அவர்களுடைய வாக்கியத்தைப் பெயர்த்தெடுக்கும். மாணவர்கள் திருட்டு எழுத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் திருட நினைத்து அல்ல. என்றோ நோட்டில் காப்பி செய்த வரி, மேற்கோள் குறி இல்லாமல் கிடந்து, ஒரு வருடம் கழித்துத் தன் சொந்த வரி போலக் கண்ணுக்குத் தெரிகிறது; அப்படியே ஆய்வேட்டில் ஏறிவிடுகிறது. அதனால் சொல்லுக்குச் சொல் வேண்டிய வரி என்றால் எடுக்கும் அந்த நொடியிலேயே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட வேண்டும். என் சொந்த யோசனைக்கு முன்னால் "நான்:" என்று எழுதிவிடுவேன். ஆசிரியர் சொன்னதும் நான் நினைத்ததும் ஒரே மையில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

மூடி வைத்து எழுதி, பிறகு திறந்து எண்களை மட்டும் சரிபார்த்த பின் அவளுடைய குறிப்பு இப்படி வந்தது:

> ராமச்சந்திரன் 2006, டயபடாலஜியா 49, பக். 289–297
>
> சர்க்கரை நோய்க்கு முந்திய நிலையில் இருந்த 531 இந்தியர்களில் (421 ஆண், 110 பெண், வயது 46, பி.எம்.ஐ. 25.8), ஒப்பீட்டுக் குழுவில் மூன்று வருடத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. அறிவுரைக் குழுவில் 39.3, மெட்ஃபார்மின் 40.5, இரண்டும் 39.5. (சுருக்கம்)
>
> அறிவுரை: 55இலிருந்து 39.3. நூற்றுக்கு 15.7 பேர் தப்பினர். ஒப்பீட்டு வீதத்தில் 28.5% குறைவு. ஒருவரைக் காக்க 6.4 பேர்.
>
> சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் பலன் தெரியவில்லை.
>
> நான்: அமெரிக்க ஆய்வோடு சதவீதத்தை ஒப்பிடக் கூடாது, அடி வீதம் அங்கே 28.9, இங்கே 55.
>
> நான்: நம்பிக்கை இடைவெளி (20.5–37.3), பி = 0.018 இரண்டும் பொருந்தவில்லை. எப்படிக் கணக்கிட்டார்கள்?
>
> நான்: பெண்கள் ஐந்தில் ஒருவர்தான். என் ஆய்வு பெண்களைப் பற்றியது. முன்னுரையில் இந்த இடைவெளியைச் சொல்ல இதைப் பயன்படுத்தலாம்.

அரைப் பக்கம். முதல் இரண்டு வரிகளில் தந்திச் சுருக்கம் இல்லை, முழு வாக்கியம் இருக்கிறது. மறந்துபோன ஒருத்தி படித்தாலும் புரியும். அந்த மறந்துபோன ஒருத்தி அவளேதான். 28.5 சதவீதம் தன் அடி எண்ணோடு, 55ஓடு, கைகோத்து நிற்கிறது. தனியாக எங்கும் இல்லை. கடைசி வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டுரை என்ன சொன்னது என்று எழுதுவதோடு நிற்காமல், என் எழுத்தில் இது எங்கே உட்காரும் என்று சொல்லும் வரி அது. அந்த வரி வரவில்லை என்றால் பெரும்பாலும் அந்தக் கட்டுரை நமக்குத் தேவையில்லாதது என்று அர்த்தம்.

கட்டுரைக்கு ஒரு குறிப்பு என்று நூறு குறிப்பு சேர்ந்தாலும் எழுத்து தானாக வராது. "2002இல் அவர்கள் இப்படிக் கண்டார்கள். 2006இல் இவர்கள் அப்படிக் கண்டார்கள்" என்று ரயில் பெட்டி கோத்தது போல ஓடும் இலக்கியப் பார்வைப் பகுதிகள், குறிப்பு நோட்டை அப்படியே இறக்கி வைத்ததன் விளைவு. அதனால் நாலைந்து கட்டுரை சேர்ந்ததுமே குறுக்குக் கட்டம் ஒன்று போடச் சொல்வேன். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஆய்வுகள். மேலே தலைப்பில் நம்முடைய கேள்விகள்: யார், சும்மா விட்டால் நூற்றுக்கு எத்தனை, செய்த பிறகு எத்தனை, வித்தியாசம், மருந்தின் அளவு, பெண்கள் எத்தனை பேர். கட்டுரைகளைக் கிடையாகப் படித்துக் கட்டத்தை நிரப்புகிறோம்; எழுதும்போது செங்குத்தாகப் படிக்கிறோம். ஒரு நெடுவரிசை ஒரு பத்தி.

அன்று இரண்டே வரிசைதான் நிரம்பியிருந்தது. அதிலிருந்தே ஒரு பத்தியை அவள் எழுதிப் பார்த்தாள்: "மூன்றாண்டில் நோய் வரும் வீதம் சென்னை ஆய்வின் ஒப்பீட்டுக் குழுவில் அமெரிக்க ஆய்வைவிட இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. வாழ்க்கை முறை மாற்றத்தால் தப்பியவர்களின் எண்ணிக்கையோ இரண்டிலும் நூற்றுக்கு 15 பேர் என்ற அளவில்தான் இருந்தது. ஆனால் சென்னை ஆய்வில் பெண்கள் ஐந்தில் ஒருவரே." மூன்று வாக்கியம். இரண்டு கட்டுரையும் கலந்திருக்கின்றன, ஒன்றையும் திறக்கவில்லை, யாருடைய வரியும் இல்லை. முதல் வாக்கியத்தில் "குறைவாக" என்ற சொல் படிப்பவரை இடறும் என்றேன். "கிட்டத்தட்ட இரு மடங்கு" என்று திருத்தினாள். 55ஐ 28.9ஆல் வகுத்தால் 1.9.

இன்னொரு பொறியையும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மற்றவர்கள் தங்கள் முன்னுரையில் ஒரு ஆய்வைப் பற்றிச் சொல்லும் ஒற்றை வரியை நம்பி, மூலக் கட்டுரையைத் திறக்காமலே மேற்கோள் காட்டுவது. காதோடு காதாகப் போன சேதி மாதிரி, ஒவ்வொரு கையிலும் அடி எண் ஒன்று உதிரும். 58 சதவீதம் அப்படித்தான் 28.9ஐயும் 14.4ஐயும் வழியில் தொலைத்துவிட்டு ஊர் ஊராகச் சுற்றுகிறது. மூலத்தைத் திறக்காத எந்த எண்ணுக்கும் என் கட்டத்தில் பென்சில்தான். திறந்து பார்த்த பிறகே பேனா.

எல்லாக் கட்டுரைக்கும் இவ்வளவு செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். அவளுடைய ஆய்வேட்டுக்கு நூற்றைம்பது கட்டுரை தேவைப்படலாம். அவற்றில் பத்துப் பதினைந்துதான் சுவரைத் தாங்கும் தூண்கள். இந்தக் கழித்தல் வகுத்தலும் கேள்வித்தாளும் அவற்றுக்கு. மற்றவற்றுக்கு மூன்று வரி போதும்: யார், என்ன கண்டார்கள் அடி எண்ணோடு, எனக்கு எதற்கு.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தாள். கையில் வேறொரு கட்டுரை, பதினான்கு பக்கம். ஹைலைட்டரைக் காணோம், காதில் ஒரு பென்சில். சுருக்கத்தில் "42 சதவீதம் குறைவு" என்று பெரிதாக இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் "எதில்?" என்று எழுதியிருந்தாள்.

"சுருக்கத்துல அடி எண்ணே இல்ல அத்தை. மூணாவது அட்டவணையில ஒளிச்சு வெச்சிருக்காங்க. நூத்துக்கு அஞ்சு பேரு மூணு பேரு ஆயிருக்காங்க, அவ்வளவுதான்."

காபி ஆறிக்கொண்டிருந்தது. அவள் நூறை இரண்டால் வகுத்துக்கொண்டிருந்தாள்.